சம்பளச் சீட்டு இல்லாதவர் வருமானத்தைக் காட்டும் மூன்று வழிகள்: ஒரு ஏ.சி. மெக்கானிக்கின் வீட்டுக் கடன் கணக்கு

என் மனைவியின் தம்பி மதுரையில் ஏ.சி., ஃபிரிட்ஜ் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். 2023 கடைசியில் ஊமச்சிகுளம் பக்கம் 32 லட்சத்துக்கு ஒரு வீடு பார்த்துவிட்டு, 25 லட்சம் கடன் கேட்டு வங்கிக்குப் போனார். கையில் இரண்டு வருட ஐ.டி. ரிட்டர்ன் இருந்தது. ஒன்றில் வருமானம் 2,45,000, மற்றொன்றில் 2,48,000. மேனேஜர் இரண்டையும் கூட்டி, இரண்டால் வகுத்து, 12 மாதத்துக்குப் பிரித்தார். மாதம் சுமார் 20,500 ரூபாய் வந்தது. "உங்களுக்கு 11 லட்சம் தரலாம்" என்றார்.

வெளியே வந்ததும் எனக்குப் போன். "மாமா, சீசன்ல நான் ஒரு மாசத்துலயே ஒரு லட்சத்துக்கு மேல பாக்குறேன். என்னைப் பாத்து 20,000 ரூபா சம்பாதிக்கிறவன்னு சொல்றாரு" என்றார். அவர் குரலில் இருந்தது கோபத்தைவிட அவமானம்தான். நான் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். மேனேஜர் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை என்று அவருக்கு விளக்க எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. அந்தச் சாயங்காலம் பேசியதும், அதற்கப்புறம் இரண்டு வருடம் செய்ததும்தான் இந்தக் கட்டுரை. கடை, பட்டறை, காண்ட்ராக்ட் என்று சொந்தமாகத் தொழில் செய்து, வீட்டுக் கடனுக்கோ வாடகை வீட்டுக்கோ வருமானம் காட்ட வேண்டியவர்களுக்கு இது உதவும்.

சம்பளக்காரரிடம் வங்கி கேட்பது சம்பளச் சீட்டு, படிவம் 16, சம்பளம் ஏறும் கணக்கின் ஸ்டேட்மென்ட். வேறொருவர், அதாவது நிறுவனம், இவருக்கு இவ்வளவு தருகிறேன் என்று சொல்லிவிட்டதால் வேலை சுலபம். நமக்கு அப்படிச் சொல்ல ஆள் கிடையாது. அதனால் மூன்றில் ஒன்றை வைத்து வங்கி நம் வருமானத்தை முடிவு செய்கிறது: நாமே அரசிடம் சொன்ன கணக்கு, நம் வங்கிக் கணக்கில் தங்கும் பணம், அல்லது கடைக்கு நேரில் வந்து அவர்களே போடும் மதிப்பீடு. முதல் வழியில் வட்டி குறைவு, ஆனால் காலம் வேண்டும். மூன்றாவதில் காலம் வேண்டாம், வட்டி கூடுதல். இரண்டாவது இடையில் நிற்கிறது.

இந்த மூன்றில் சேராத ஒரு காகிதத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இ-சேவை மையத்தில் வாங்கும் தாசில்தார் வருமானச் சான்றிதழைப் பலர் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அது கல்வி உதவித்தொகைக்கும் அரசுத் திட்டங்களுக்கும் ஆனது. வீட்டுக் கடனுக்கு வங்கிகள் பொதுவாக அதை வருமான ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்காக அலைய வேண்டாம்.

ரிட்டர்ன் வழி

மச்சினனின் ரிட்டர்னில் ஏன் 2,45,000 இருந்தது? அவர் வருமானம் அவ்வளவுதான் என்பதால் இல்லை. வருமான வரி 2.5 லட்சத்துக்கு மேல்தான் என்பது நம் ஊரில் மனப்பாடமாகிப்போன ஒரு எண். அதற்குக் கீழே காட்டிவிட்டால் தொல்லை இல்லை என்று ஆரம்பத்தில் யாரோ போட்டுக்கொடுத்தார்கள், வருடா வருடம் அதையே கொஞ்சம் மாற்றிப் போட்டு வந்திருக்கிறார்கள்.

இவர் மாதிரி சிறு தொழில் செய்பவர்கள் போடுவது ஐ.டி.ஆர்.-4. அதில் 44ஏடி பிரிவின்படி வருமானம் காட்டலாம். முழுக் கணக்குப் புத்தகம் வைக்காமல், மொத்த வரவில் ஒரு சதவீதத்தை லாபமாகக் காட்டும் முறை இது. ரொக்கமாக வந்த வரவில் 8 சதவீதம், வங்கி, ஜி-பே மூலம் வந்ததில் 6 சதவீதம். வருட வரவு 2 கோடி வரை இருப்பவர்களுக்கு இது பொருந்தும். ரொக்கம் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 3 கோடி வரை. (2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆனால் ஆடிட்டர்கள் இன்னும் 44ஏடி என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.)

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இந்த 6, 8 சதவீதம்தான். அது குறைந்தபட்சம். அதற்குக் கீழே காட்டினால்தான் கணக்குப் புத்தகம், தணிக்கை என்ற பேச்சு வரும். அதைவிடக் கூடுதலாக லாபம் கிடைத்திருந்தால் கூடுதலாகவே காட்டலாம், சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. கூடுதலாகக் காட்டியதால் 44ஏடி முறையிலிருந்து வெளியேறியதாகவும் ஆகாது.

அப்படிக் காட்டினால் வரி வந்துவிடாதா? மச்சினனும் இதைத்தான் கேட்டார். 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் மொத்த வருமானம் 7 லட்சம் வரை இருந்தால் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். 2025-26 நிதியாண்டு முதல் அந்த எல்லை 12 லட்சம். இந்தத் தள்ளுபடி சம்பளக்காரருக்கு மட்டுமல்ல, கடைக்காரருக்கும் உண்டு. அதாவது உண்மையில் 6.5 லட்சம் சம்பாதித்து 2.45 லட்சம் காட்டும் ஒருவர், அதனால் ஒரு ரூபாய் வரியைக்கூட மிச்சப்படுத்தவில்லை. தன் வீட்டுக் கடனைத்தான் பாதிக்கும் கீழே குறைத்துக்கொள்கிறார். இது எனக்கு இன்றும் வயிற்றெரிச்சலாக இருக்கும் விஷயம். எங்கள் அலுவலகத்துக்கு வருபவர்களில் எத்தனையோ பேர் இன்னும் அந்தப் பழைய 2.5 லட்சத்துக்குப் பயந்துகொண்டிருக்கிறார்கள். (இடம் விற்ற லாபம், பங்கு விற்ற லாபம் போலத் தனி விகிதத்தில் வரி வரும் வருமானம் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். அது இருப்பவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.)

சரி, உண்மையான லாபம் எவ்வளவு? அது மச்சினனுக்கே தெரியாது. வருகிற பணத்தில் வீட்டுச் செலவும் கடைச் செலவும் ஒன்றாகக் கலந்து போயிருந்தன. அதனால் ஒரு நீளநோட்டு வாங்கிக் கொடுத்து, தினமும் ராத்திரி கடை சாத்தும்போது இரண்டு வரி மட்டும் எழுதச் சொன்னேன்: இன்று வந்தது, இன்று கடைக்காகப் போனது. 2024-25-ல் அந்த நோட்டு சொன்ன கணக்கு இது. மொத்த வரவு 17.1 லட்சம். கம்ப்ரஸர், கேஸ், காப்பர் பைப், கெபாசிட்டர் என்று பார்ட்ஸ் கடைக்குப் போனது 6.6 லட்சம். கூட இருக்கும் பையனுக்குச் சம்பளம் 1.8 லட்சம். கடை வாடகை 60,000. பெட்ரோல், போன் 96,000. மற்ற சில்லறைச் செலவு 29,000. எல்லாம் போக நின்றது 6.85 லட்சம்.

இந்த 17.1 லட்சத்தில் 12.6 லட்சம் வங்கி, ஜி-பே வழியாக வந்தது, 4.5 லட்சம் ரொக்கம். 6, 8 சதவீதக் கணக்கில் அவர் காட்ட வேண்டிய குறைந்தபட்சம் 1,11,600 ரூபாய்தான். காட்டியது 6,85,000. வரி பூஜ்யம். அதற்கு முந்தைய 2023-24-க்கு நோட்டு ஆரம்பித்தது பாதியில் என்றாலும், பார்ட்ஸ் கடை பில்லையும் ஸ்டேட்மென்டையும் வைத்துக் கணக்குப் போட்டதில் 6,40,000 வந்தது. அதையே காட்டினோம். அதற்கும் வரி இல்லை.

இதில் ஒரு நட்டமும் உண்டு, மறைக்கக் கூடாது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சில கல்வி உதவித்தொகைகளுக்கும் இப்படி எல்லை இருக்கிறது. உண்மையைக் காட்டியதும் அந்த மாதம் 1,000 ரூபாய் போகும். மச்சினன் வீட்டில் இதைப் பேசித்தான் முடிவெடுத்தார்கள்.

ரிட்டர்ன் வழியில் காரியம் கெடுவது பெரும்பாலும் தேதியில். வீடு பார்த்த பிறகு, இரண்டு மூன்று வருட ரிட்டர்னை ஒரே வாரத்தில் போட்டு எடுத்து வருவார்கள். ஒப்புகைச் சீட்டில் தாக்கல் செய்த தேதி அச்சாகியிருக்கும். கடனுக்காகவே போட்டது என்று வங்கிக்குப் பார்த்த உடனே தெரிந்துவிடும். பல வங்கிகள் அப்படிச் சேர்த்துப் போட்டதை ஏற்பதில்லை. ஒவ்வொரு வருடமும் அந்தந்த வருடக் கெடுவுக்குள் போட்டிருக்க வேண்டும், போட்ட 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. கொடுத்துச் சரிபார்த்திருக்க வேண்டும். இரண்டு வருட ரிட்டர்ன் என்றால் நடைமுறையில் ஒரு வருடத்துக்கு மேல் பொறுத்திருப்பது என்றுதான் பொருள். சில வங்கிகள் மூன்று வருடம் கேட்கும். இரண்டு வருடத்துக்கு நடுவில் வருமானம் ஒரேயடியாக எகிறியிருந்தால், சராசரி எடுக்காமல் குறைந்த வருடத்தை வைத்து, அதற்கு மேல் கொஞ்சம் மட்டும் சேர்த்துக் கணக்கிடும் வங்கிகளும் உண்டு.

இன்னொன்று, ரிட்டர்னில் உள்ள வரவும் ஸ்டேட்மென்டில் உள்ள வரவும் ஒத்துப்போக வேண்டும். மச்சினனின் ரொக்கம் 4.5 லட்சமும் முன்பு கணக்குக்கே வராது. பார்ட்ஸ் கடைக்கு அப்படியே கை மாறிவிடும். இப்போது திங்கட்கிழமை தோறும் அந்த வார ரொக்கத்தைக் கணக்கில் போட்டுவிட்டு, பார்ட்ஸ் கடைக்கு ஜி-பேயில் அனுப்புகிறார். பணம் அதேதான், ஆனால் இப்போது அது போன தடம் இருக்கிறது.

உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். கடன் வாங்குவதற்காகப் பொய்க் கணக்கு காட்டுவது குற்றம். அப்புறம், கடன் கிடைத்துவிட்டால் அந்த இ.எம்.ஐ.-யை உண்மையான வருமானத்திலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கும்.

தொழிலைப் பொறுத்துச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஐ.டி. வேலையைத் தனியாக எடுத்துச் செய்பவர்கள் போன்றோருக்கு 44ஏடிஏ. அதில் வரவில் குறைந்தது பாதியை லாபமாகக் காட்டியாக வேண்டும் என்பதால் அவர்கள் ரிட்டர்ன் பெரும்பாலும் கடனுக்குத் தோதாகவே இருக்கும். எல்.ஐ.சி. ஏஜென்ட் மாதிரிக் கமிஷன் வாங்குபவர்களுக்கு 44ஏடி பொருந்தாது, அவர்கள் ஐ.டி.ஆர்.-3 போட வேண்டும்.

கணக்கில் தங்கும் பணத்தைக் காட்டும் வழி

ரிட்டர்னில் வருமானம் குறைவு, ஆனால் கணக்கில் நிறைய ஓடுகிறது என்றால், தனியார் வங்கிகளும் வீட்டுக் கடன் நிறுவனங்களும் ஸ்டேட்மென்டை வைத்தே கடன் தரும் திட்டம் வைத்திருக்கின்றன. மச்சினனுக்கு முதலில் இதுதான் பிடித்தது. "வருஷத்துக்கு 12 லட்சம் என் கணக்குல வருது, அது போதாதா மாமா?" என்றார்.

போதவில்லை. ஏனென்றால் இந்தத் திட்டத்தில் அவர்கள் பார்ப்பது எவ்வளவு வந்தது என்பதை அல்ல, எவ்வளவு தங்கியது என்பதை. மாதத்தில் சில குறிப்பிட்ட தேதிகளில், உதாரணமாக 5, 15, 25-ம் தேதி, கணக்கில் இருந்த இருப்பை 12 மாதத்துக்கும் எடுத்துச் சராசரி போடுவார்கள். எந்தத் தேதிகள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்தச் சராசரி இருப்பு, கேட்கும் கடனின் இ.எம்.ஐ.-க்காவது சமமாக, சில இடங்களில் ஒன்றரை மடங்காக இருக்க வேண்டும்.

மச்சினனின் ஸ்டேட்மென்டை எடுத்து நாங்களே போட்டுப் பார்த்தோம். சாயங்காலம் ஜி-பேயில் 4,000 வந்தால் மறுநாள் காலையில் பார்ட்ஸ் கடைக்கு 3,500 போயிருக்கும். மாதம் 10-ம் தேதி சீட்டுப் பணம் போய்விடும். 5-ம் தேதியும் 15-ம் தேதியும் இருப்பு பெரும்பாலும் நாலு இலக்கத்திலேயே நின்றது. சராசரி 11,000 ரூபாய். இதை வைத்து 11,000 ரூபாய் இ.எம்.ஐ.-க்கு மேல் யாரும் தரமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஏ.சி. வேலையே இருக்காது என்பதும் சராசரியைக் கீழே இழுத்தது.

இந்த வழி யாருக்குப் பொருந்தும் என்றால், சரக்கைக் கடனுக்கு வாங்கி 30, 45 நாள் கழித்துப் பணம் கொடுக்கும் கடைக்காரர்களுக்கு. அவர்கள் கணக்கில் எப்போதும் ஒரு தொகை நிற்கும். இதிலும் வட்டி, ரிட்டர்ன் வழியைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அண்ணன் கணக்கிலிருந்து 2 லட்சம் போடுவது, நாலு நாளில் திருப்பி எடுப்பது என்று இருப்பை ஏற்றிக் காட்ட நினைத்தால் மாட்டிக்கொள்வார்கள், ஒரே பெயருக்குப் போய் வரும் தொகையை ஸ்டேட்மென்ட் சோதிக்கும் மென்பொருள் தனியாக எடுத்துக் காட்டிவிடும். பணம் இல்லாமல் திரும்பிய செக், திரும்பிய தானியங்கி இ.எம்.ஐ. இருந்தாலும் பெரிய அடி. ஒரு வருடத்தில் மூன்று நாலு முறை திரும்பியிருந்தால் சராசரி இருப்பு நன்றாக இருந்தும் தள்ளிவிடுவார்கள்.

ஜி.எஸ்.டி. ரிட்டர்னை வைத்துத் தரும் கடனும் இதே வகை. ஏற்கெனவே ஜி.எஸ்.டி. பதிவு இருப்பவர்களுக்கு அது நல்ல ஆதாரம். ஆனால் சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு கட்டாயம் இல்லை. கடனுக்காக மட்டும் பதிவு செய்துகொண்டு, அப்புறம் ரிட்டர்ன் போட மறந்து அபராதம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். மச்சினனுக்கு அது தேவையில்லை என்று விட்டுவிட்டோம்.

நேரில் வந்து மதிப்பிடும் வழி

ரிட்டர்ன் இல்லாதவர்களுக்கும் வீட்டுக் கடன் தரும் நிறுவனங்கள் தமிழ்நாட்டில் பல உண்டு. சென்னையில் தலைமையகம் உள்ள ஆப்டஸ், ரெப்கோ ஹோம் ஃபைனான்ஸ் போன்றவை சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு நிறையவே கடன் தருகின்றன. இந்த வகைக் கடனில் அலுவலர் ஒருவர் கடைக்கே வந்துவிடுவார். கடையை, சரக்கை, போர்டைப் போட்டோ எடுப்பார். ஒரு நாளைக்கு எத்தனை வாடிக்கையாளர், ஒரு வேலைக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள், பார்ட்ஸ் எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டு, பக்கத்துக் கடைக்காரரிடமும் விசாரித்து, அவரே ஒரு மாத வருமானத்தை எழுதிக்கொள்வார்.

இது ஒரு நல்ல ஏற்பாடு என்றுதான் நான் நினைக்கிறேன். காகிதம் இல்லாதவருக்கு வருமானமே இல்லை என்று சொல்லாமல், நேரில் வந்து பார்க்கிறார்கள். ஆனால் அந்த அலைச்சலுக்கும் ரிஸ்க்குக்கும் விலை வட்டியில் வரும். கணக்குக்காக, ரிட்டர்ன் வழியில் வங்கி வட்டி 8.5 சதவீதம், இந்த வழியில் 13 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 25 லட்சம், 20 வருடம் என்றால் முதலாவதில் இ.எம்.ஐ. சுமார் 21,700. இரண்டாவதில் சுமார் 29,300. மாதம் 7,600 வித்தியாசம், வருடத்துக்கு 91,000.

அப்படியும் இது சரியான முடிவாகும் நேரம் ஒன்று இருக்கிறது. வீடு மிகவும் தோதானது, விட்டால் போய்விடும், ரிட்டர்ன் சரியாக இன்னும் இரண்டு வருடம் ஆகும் என்றால், இங்கே வாங்கிவிட்டு இரண்டு நல்ல ரிட்டர்ன் வந்ததும் வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்குக் கையெழுத்துப் போடும் முன்பே ஒன்றைப் பார்த்தாக வேண்டும்: வட்டி மாறும் வட்டியா, நிலையான வட்டியா? தனிநபர் மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நிலையான வட்டி என்றால் அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. மாற்றும்போது புது வங்கியின் பிராசஸிங் கட்டணமும், பத்திர அடமானத்துக்கான எம்.ஓ.டி. பதிவை ரத்து செய்து மறுபடி பதியும் செலவும் வரும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

வீட்டில் யாராவது சம்பளக்காரர் இருந்தால் அவரைக் கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்ப்பது இந்த மூன்றோடும் பொருந்தும் துணை வழி. மச்சினனின் மனைவி ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறார். ஆனால் சம்பளம் கவரில் ரொக்கமாக வந்ததால் வங்கி அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இவ்வளவையும் பேசிவிட்டு அவர் எடுத்த முடிவு பொறுத்திருப்பது. அந்த வீடு போய்விட்டது, அதில் அவருக்கு வருத்தம்தான்.

பொறுத்திருக்கும் காலத்தில்தான் வாடகை வீட்டுப் பிரச்சினை வந்தது. குடியிருந்த வீட்டை உரிமையாளர் மகனுக்காகக் காலி செய்யச் சொன்னார். புது வீட்டுக்காரரின் முதல் கேள்வி, "எந்த கம்பெனியில வேலை?" சொந்தக் கடை என்றதும் முகம் மாறியது. வாடகைக்கு நம்மைச் சோதிப்பவர் வங்கி மாதிரி வருமானத்தை வகுத்துப் பார்ப்பதில்லை. மாதா மாதம் தேதி தவறாமல் வருமா, ஆள் திடீரென்று காணாமல் போவாரா என்பதுதான் அவர் பயம். அதற்கு ஐ.டி. ரிட்டர்னைவிட நல்ல ஆதாரம், பழைய வாடகையை ஒழுங்காகக் கட்டிய தடம். மச்சினன் மூன்று வருடமாக வாடகையைப் பழைய வீட்டுக்காரர் கணக்குக்கு 5-ம் தேதிக்குள் அனுப்பியிருந்தார். ஸ்டேட்மென்டில் அந்த வரிகளை மட்டும் தேடி எடுத்து, கணக்கு எண்ணில் கடைசி நாலு இலக்கம் தவிர மற்றதை மறைத்து அச்செடுத்தோம். கூடவே பழைய வீட்டுக்காரரின் போன் நம்பர், அப்புறம் ரிட்டர்ன் ஒப்புகைச் சீட்டு ஒரு பக்கம். முழு ஸ்டேட்மென்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள், வீட்டுக்காரருக்கு நம் செலவெல்லாம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. வாடகையை ரொக்கமாகக் கொடுப்பவர்கள் இந்த மாதமே கணக்கு வழியாக மாறிக்கொள்ளுங்கள், அடுத்த வீட்டுக்கு அதுதான் சாட்சி.

அதுவும் போதாது என்று நினைக்கும் உரிமையாளரிடம் இரண்டு மாத அட்வான்ஸ் கூடுதலாகத் தருகிறேன் என்று பலர் சொல்வார்கள். பணம் கையில் இருந்தால் சரி. ஆனால் நமக்கு வீட்டுக் கடனுக்கான சொந்தப் பணம் சேர வேண்டியிருந்தது. அதனால் அதற்குப் பதில் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி tenancy.tn.gov.in-ல் பதிவு செய்துகொள்ளலாம் என்று சொன்னோம். பதிவுக்குத் தானாக முன்வந்ததைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர் இறங்கி வந்தார் என்று மச்சினன் இன்றும் சொல்வார்.

2025 செப்டம்பரில் இரண்டாவது ரிட்டர்ன் போட்டதும் மறுபடி வங்கிக்குப் போனார். இந்த முறை வேறொரு வீடு, அதே 32 லட்சம். கையில் இரண்டு வருட ஒப்புகைச் சீட்டு, வருமானக் கணக்கீடு, நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வரித்துறையின் 26ஏஎஸ் அறிக்கை, 12 மாத ஸ்டேட்மென்ட். தொழில் எத்தனை வருடமாக நடக்கிறது என்பதற்கு, சிறு தொழிலுக்கான மத்திய அரசுப் பதிவான உத்யம் சான்றிதழ். அது இலவசம், 2021-லேயே எடுத்து வைத்திருந்தார். 44ஏடி-யில் இருந்தாலும் வங்கி லாப நட்டக் கணக்கும் பேலன்ஸ் ஷீட்டும் கேட்டது. எங்கள் ஆடிட்டர் நோட்டையும் பில்லையும் பார்த்துத் தயாரித்து, யூடின் எண்ணோடு கையெழுத்திட்டார். அந்த எண்ணை வைத்து, உண்மையிலேயே அந்த ஆடிட்டர்தான் கையெழுத்திட்டாரா என்று வங்கி இணையத்தில் சரிபார்க்க முடியும். யூடின் இல்லாத சீலும் கையெழுத்தும் இப்போது செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இப்படி வந்தது. இரண்டு வருடச் சராசரி 6,62,500, மாதம் சுமார் 55,200. அதில் பாதி, 27,600 வரை இ.எம்.ஐ. தாங்கும் என்று வங்கி எடுத்துக்கொண்டால் 8.5 சதவீதத்தில் 31 லட்சத்துக்கு மேல் தகுதி வரும். ஆனால் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் தரலாம், 30 லட்சத்துக்குள் 90 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் மேல்வரம்பு. எங்களுக்கு வேண்டியது 25 லட்சம்தான், அது இரண்டுக்கும் உள்ளேயே இருந்தது. மீதி 7 லட்சமும், முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்த்து 2.88 லட்சமும் சொந்தக் கையிலிருந்து.

வங்கியிலிருந்து கடன் அதிகாரி கடைக்கு வந்த அன்று நானும் இருந்தேன். இளைஞர். ஸ்டூலில் உட்கார்ந்து, "சீசன்ல மாசம் எத்தனை சர்வீஸ் பண்ணுவீங்க அண்ணே?" என்றார். "பங்குனி, சித்திரையில தொண்ணூறு, நூறு வரும் சார். ஐப்பசியில இருபத்தஞ்சு வந்தாப் பெருசு." "மூணு வருஷத்துக்கு முன்னாடி ரிட்டர்ன்ல 2,48,000 இருக்கு, அப்புறம் 6,40,000. என்ன ஆச்சு?" மச்சினன் என்னைப் பார்க்கவில்லை. மேஜை டிராயரைத் திறந்து நீளநோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "அப்ப எழுதி வைக்கல சார். வியாபாரம் அப்பவும் இதே மாதிரிதான், ஸ்டேட்மென்ட்டைப் பாருங்க" என்றார்.

அதிகாரி நோட்டைச் சித்திரை மாதத்தில் திறந்து, ஒரு வாரத்து ரொக்கத்தைக் கூட்டி, ஸ்டேட்மென்டில் அந்தத் திங்கட்கிழமை போட்ட தொகையோடு ஒப்பிட்டார். 9,400 ரூபாய், இரண்டிலும் அதே எண். இன்னொரு வாரத்தைப் பார்த்தார். அதில் 500 ரூபாய் வித்தியாசம். "இது?" "பையனுக்கு அட்வான்ஸா கொடுத்தது சார், எதிர்ப்பக்கம் எழுதியிருக்கேன் பாருங்க." எழுதியிருந்தது. அவர் நோட்டை மூடினார்.

பதினெட்டாம் நாள் 25 லட்சத்துக்கு அனுமதிக் கடிதம் வந்தது. இ.எம்.ஐ. 5-ம் தேதி பிடிப்பார்கள் என்றதும் மச்சினன் முதலில் செய்தது, சீட்டு நடத்துபவரிடம் போய்த் தன் தவணையை 10-ம் தேதியிலிருந்து 20-ம் தேதிக்கு மாற்றிக் கேட்டதுதான்.